லாரி வருகிறதே, கையோடு அதையும் போட்டுவிடலாமா? – ரோஸ் பெல் வீட்டின் 2 ஆண்டுக் கணக்கு

மொரீஷியஸில் எந்தத் தெருவில் நடந்தாலும் வீட்டின் கூரைத் தளத்துக்கு மேலே துருப்பிடித்த கம்பிகள் கொத்துக் கொத்தாக நீட்டிக்கொண்டிருக்கும். மகனுக்குக் கல்யாணம் ஆனால் மாடி எடுக்கலாம் என்ற நினைப்பில் விட்டவை. நான் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்த புதிதில் அவற்றை அரைகுறை வேலை என்றுதான் நினைத்தேன். கட்டுமான நிறுவனத்தில் அளவெடுத்து விலை போடுவது என் வேலை. சில வருடம் பார்த்த பிறகுதான் புரிந்தது, இந்தத் தீவில் நடுத்தரக் குடும்பம் வீடு கட்டும் முறையே இதுதான். கையில் இருப்பதற்குக் கட்டுவது, நிறுத்துவது, மறுபடி சேர்த்துக் கட்டுவது.

அப்படிக் கட்டிய ஒரு வீட்டின் கணக்கு இது. தென்கிழக்கில் ரோஸ் பெல் பக்கம் 10 பெர்ச் மனை, அதாவது சுமார் 420 சதுர மீட்டர். மனைவி அரசுப் பள்ளியில் தமிழாசிரியர், கணவர் ஹோட்டல் சமையற்கூடத்தில் வேலை. கோயிலில் பழக்கம். டீச்சர் ஒரு நாள் கேட்டார்: "தம்பி, மேஸ்திரி சதுர அடிக்கு 2,600 சொல்றார். நியாயமா?"

1,160 சதுர அடிக்கு அது சுமார் 30 லட்சம் மொரீஷியஸ் ரூபாய். நான் தனியாக அளவெடுத்துப் போட்டபோது 30.5 லட்சம் வந்தது. மேஸ்திரி சொன்னது நியாயமான விலைதான். ஆனால் கட்டம் கட்டமாகக் கட்டுகிறவருக்கு அந்த ஒற்றை எண்ணால் பயன் குறைவு. எந்த மாதம் எவ்வளவு தேவை, எங்கே நிறுத்தினால் ஆபத்தில்லை என்பதை அது சொல்லாது. அவர்களிடம் சேமிப்பு 12 லட்சம். வங்கிக் கடன் 15 லட்சம். மீதியை மாதச் சேமிப்பிலும், இங்கே சட்டப்படி டிசம்பரில் கிடைக்கும் 13-ஆம் மாதச் சம்பளத்திலும் சமாளிக்க நினைத்தார்கள்.

முதலில் நிறுத்துமிடங்களைக் குறித்தோம். இங்கே அதை முடிவு செய்வது புயல் காலம். நவம்பர் தொடங்கி மே நடுவரை எப்போது வேண்டுமானாலும் புயல் வரலாம். 1960-இல் கரோல் புயல் மரவீடுகளையும் தகர வீடுகளையும் அள்ளிக்கொண்டு போனதிலிருந்துதான் இந்தத் தீவு கான்கிரீட்டுக்கு மாறியது. பாதி எழும்பிய கட்டடத்துக்கும் அதே பயம் உண்டு. மேலே கூரைத் தளம் இல்லாமல் தனியாக நிற்கும் பிளாக் சுவரைக் காற்று சாய்த்துவிடும். ஆகவே சுவர் எழுப்பிவிட்டு நிறுத்தலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சுவரைத் தொட்டால் தளம் வரை போய்த்தான் ஆக வேண்டும், அந்தப் பணம் முழுக்கக் கையில் இருந்தால்தான் முதல் பிளாக்கை வைக்க வேண்டும்.

இப்படி 4 கட்டங்கள் வந்தன. அடித்தளம், தரைமட்டம் வரை 7 லட்சம். சுவரும் கூரைத் தளமும் 10.5 லட்சம். கதவு, ஜன்னல், மின்சாரம், குளியலறை, சமையலறை போட்டுக் குடியேறும் அளவுக்கு 8 லட்சம். வெளிப்பூச்சு, வண்ணம், சுற்றுச்சுவர் 5 லட்சம். மொத்தத்தில் பாதிக்கு மேல் முதல் இரண்டு கட்டத்திலேயே போய்விடுகிறது, அதுவும் குடியிருக்க ஒரு அறைகூட இல்லாத நிலையில். டீச்சருக்கு இது அதிர்ச்சிதான். சதுர அடிக் கணக்கில் இது கண்ணில் படவே படாது.

எதிர்பாராத செலவுக்கென்று ஒதுக்குவதை எல்லாக் கட்டத்துக்கும் 10 சதவீதம் என்று போடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மண்ணுக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது, தரை ஓடு கடையில் தெரியும். இரண்டுக்கும் ஒரே சதவீதம் எப்படிச் சரியாகும்? அடித்தளத்துக்கு 15, தளக் கட்டத்துக்கு 8, பின்னால் வரும் இரண்டுக்கும் 5 என்று வைத்தேன். மொத்தம் 2,54,000. அதையும் சேர்த்து 33,04,000 எங்கள் உச்சவரம்பு. அதோடு ஒரு விதி: ஒரு கட்டத்தில் மிஞ்சும் ஒதுக்கீடு அடுத்த கட்டத்தின் ஒதுக்கீட்டில் சேரும். நல்ல ஓடு வாங்கப் போகாது.

கணக்கு நோட்டில் 4 பத்திகள். திட்டமிட்டது, வாக்குக் கொடுத்தது, பணமாகக் கொடுத்தது, முடிக்க இன்னும் தேவை. பெரும்பாலானவர்கள் மூன்றாவதை மட்டும் எழுதுவார்கள். கொடுத்தது 5 லட்சம், திட்டம் 7 லட்சம் என்றால் 2 லட்சம் மிச்சம் இருப்பதாகத் தோன்றும். ஆனால் கம்பிக்கு ஆர்டர் சொல்லியாயிற்று, மேஸ்திரியின் கடைசித் தவணை பாக்கி, மண் நிரப்பும் லாரிக்கு இன்னும் தரவில்லை. கடைசிப் பத்தியை நிரப்ப மனைக்குப் போய் நின்று, என்ன வேலை பாக்கி என்று கண்ணால் பார்த்துத்தான் எழுத முடியும். டீச்சர் ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைச் செய்தார். இரண்டு ஆண்டில் நாலைந்து சனிக்கிழமைகள்தான் விட்டுப்போயின.

அடித்தளம், மே 2022

ரோஸ் பெல் பக்கத்து மண் எரிமலைப் பாறை கலந்தது. கரும்புத் தோட்டங்களில் கோபுரம் போல் அடுக்கியிருக்கும் கற்குவியல்களைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். நம் முன்னோர் கையால் பொறுக்கிக் குவித்த கற்கள் அவை. அவர்கள் பொறுக்காமல் விட்டது நம் மனைக்கு அடியில் கிடக்கும்.

அதனால் விலை போடுவதற்கு முன்பே 3 இடத்தில் சோதனைக் குழி தோண்டினோம். 4,500 ரூபாய் ஆனது. இரண்டு குழியில் முழங்கால் ஆழத்துக்குக் கொஞ்சம் கீழே பாறை தட்டியது. மூன்றாவதில் இளகிய களிமண், ஒன்றரை மீட்டர் போன பிறகுதான் கெட்டித் தரை. அதை வைத்துத்தான் 7 லட்சம் போட்டேன். அப்படியும் சமையலறை மூலையில் ஒரு உருண்டைப் பாறை ஏமாற்றிவிட்டது. அடிப்பாறை என்று நினைத்து அதன்மேல் அஸ்திவாரம் போட இருந்தோம். பொறியாளர் கடப்பாரையால் தட்டிப் பார்த்து, சத்தம் சரியில்லை, இது மண்ணில் மிதக்கிற கல் என்றார். பாறை உடைக்கும் இயந்திரம் கூடுதலாக 11 மணி நேரம் ஓடியது. கல் போன பள்ளத்தை நிரப்ப மூன்றரைக் கன மீட்டர் கான்கிரீட். இரண்டும் சேர்ந்து 46,950.

அடுத்த தவறு முழுக்க என்னுடையது. கம்பிக்கும் பிளாக்குக்கும் ஒரு கடையில் வாங்கிய விலைத்தாளில் 1,90,000 என்று இருந்தது. அடியில் சின்ன எழுத்தில் வரி தனி என்று போட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. இங்கே மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதம். 28,500 ரூபாய் காற்றில் போனது. தொழிலே இதுதான் என்று சொல்லிக்கொள்கிறவன் செய்யக்கூடாத தவறு. டீச்சர் திட்டவில்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு தாளிலும் சிவப்புப் பேனாவால் ‘வரியோடா?’ என்று எழுதி எனக்குக் காட்டினார், அவ்வளவுதான்.

மாடிக்கான முடிவையும் இந்தக் கட்டத்திலேயே எடுத்தாக வேண்டும். பின்னால் மாடி வரும் என்றால் அஸ்திவாரமும் தூண்களும் இப்போதே அந்தச் சுமைக்கு இருக்க வேண்டும். பிறகு சேர்க்க முடியாது. 7 லட்சத்தில் சுமார் 90,000 மாடிக்காகவே மண்ணுக்குள் போனது. பிள்ளைகள் இருவர், மனை சின்னது என்பதால் இங்கே அது சரியான செலவு. மாடி வருமா என்று தெரியாத குடும்பமாக இருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். தளத்துக்கு மேலே கம்பி மட்டும் நீட்டிவிட்டு, அடியில் அஸ்திவாரம் ஒரு மாடிக்கே போதாத வீடுகளை இங்கே நிறையப் பார்த்திருக்கிறேன்.

கட்டம் முடிந்தபோது செலவு 7,75,450. ஒதுக்கீட்டில் மிஞ்சிய 29,550 அடுத்த கட்டத்துக்குப் போனது.

தளம் போட்ட சனிக்கிழமை

வங்கி கடனை ஒரே தடவையில் தராது. வேலையை அவர்கள் ஆள் வந்து பார்த்த பிறகு ஒவ்வொரு தவணையாக விடும். எடுத்த பணத்துக்கு மட்டும் வட்டி என்பது அதில் உள்ள நல்லது. ஆனால் வேலை முன்னால் போகும், பணம் பின்னால் வரும். இடையில் மூன்று நான்கு வாரம் சொந்தப் பணத்தில் தாக்குப்பிடிக்க வேண்டும். சேமிப்பு முழுவதையும் அடித்தளத்தில் கொட்டாமல் வைத்திருந்தது இங்கேதான் உதவியது.

சுவர் பாதி உயரம் வந்தபோது கணவர் ஒரு யோசனையோடு வந்தார்.

"தம்பி, கான்கிரீட் லாரி எப்படியும் வரப்போகுது. கார் நிறுத்த முன்னால ஒரு சின்னத் தளம், கையோட அதையும் போட்டுறலாமா? மூணு கன மீட்டர்தானே?"

"கான்கிரீட் மூணுதான் அண்ணே. அதுக்குத் தூண் வேணும், தூணுக்கு அஸ்திவாரம் வேணும், பலகை, முட்டு, கம்பி, கூலி எல்லாம் தனியா வேணும்."

எழுதிப் பார்த்தோம். கான்கிரீட் 20,000-க்குள் அடங்கும், மொத்தமோ 1,15,000. டீச்சர் தாளைப் பார்த்துவிட்டு, "இது மூணாவது கட்டத்து ஜன்னல் காசு" என்று மட்டும் சொன்னார். பின்னால் இணைத்துக்கொள்ள வசதியாக முன் உத்தரத்தில் கம்பி மட்டும் விட்டோம், 6,000 ரூபாய். எந்த மாற்றமானாலும் முழு விலையை ஒரு தாளில் எழுதி, அந்தப் பணம் எந்தக் கட்டத்திலிருந்து வருகிறது என்பதையும் அதே தாளில் குறித்து, இருவரும் கையெழுத்திட்டால்தான் மேஸ்திரியிடம் போகும் என்று அன்றைக்கு முடிவானது. வாய்ச்சொல்லில் மேஸ்திரி எதையும் செய்யக்கூடாது. மேஸ்திரிக்கும் அது பிடித்திருந்தது. கணவர் காலையில் ஒன்று சொல்லி மனைவி மாலையில் வேறு சொல்லும் வீடுகளில் அவரும் நொந்துபோனவர்.

தளம் போட நவம்பர் 19 குறித்திருந்தோம். மழை விடாமல் பெய்ததால் டிசம்பர் 3-க்குத் தள்ளிப்போனது. இங்கே தளம் போடும் நாள் கிட்டத்தட்ட ஒரு விசேஷம். சொந்தக்காரர்கள் வந்து கை கொடுப்பார்கள், பின்கட்டில் பெரிய தேக்சாவில் பிரியாணி வேகும். கிரியோலில் தளத்துக்கு ‘டால்’ என்று பெயர். பருப்புக்கும் கிட்டத்தட்ட அதே உச்சரிப்பு என்பதால், டால் போட்டாச்சா என்று கேட்டால் சமையலறையிலிருந்தும் பதில் வரும்.

என் கவலை வேறு. உத்தரங்களையும் சேர்த்து 22.5 கன மீட்டர், சேதாரத்தோடு 23.5 என்று கணக்கு. தளத்தின் பரப்பு 118 சதுர மீட்டர், கனம் 15 சென்டிமீட்டர். ஒரே ஒரு சென்டிமீட்டர் கூடினால் 1.2 கன மீட்டர் அதிகம், அன்றைய விலையில் 7,700 ரூபாய். ஆளுக்கு ஒரு மண்வெட்டியோடு பத்துப் பேர் இழுத்துப் பரப்பும்போது ஒரு சென்டிமீட்டர் யார் கண்ணுக்கும் தெரியாது. ஒரு கம்பியில் 15-இல் கோடு போட்டு, பரப்பிய இடத்தில் எல்லாம் ஈரக் கான்கிரீட்டுக்குள் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே போனேன். வரவேற்பறைப் பகுதியில் 17 காட்டியது. பலகை ஒரு முட்டுக்கு அருகில் தாழ்ந்திருந்தது. முட்டுகளை இறுக்கச் சொன்னோம், ஆனால் அதற்குள் போட்டது போட்டதுதான்.

கடைசி லாரியை முன்கூட்டியே முழு அளவில் உறுதி செய்யாதது இங்கே கைகொடுத்தது. 6 கன மீட்டர் வீதம் 3 லாரி இறங்கிய பிறகு, மிச்சப் பரப்பை நாடாவால் அளந்தேன். திட்டப்படி 5.5 போதும், ஆனால் தேவை 6.5. அதைப் போனில் சொன்னோம். கூடுதல் 6,500 ரூபாய். 5.5-ஐயே நம்பியிருந்தால் கடைசி மூலையில் கான்கிரீட் தீர்ந்து, இன்னொரு லாரி வருவதற்குள் போட்டது இறுகி, தளத்தின் நடுவே ஒட்டாத மூட்டு விழுந்திருக்கும். அதன் விலை மழை பெய்யும்போதுதான் தெரியும்.

மழையால் தள்ளிப்போன இரண்டு வாரம் வேறு இடத்தில் வந்து கடித்தது. முட்டுகளை 21 நாள் கழற்றாமல் விட வேண்டும் என்று பொறியாளர் சொல்லியிருந்தார். டிசம்பர் 3-லிருந்து 21 நாள் என்றால் 24-ஆம் தேதி. கட்டட ஆட்கள் எல்லாம் ஆண்டு இறுதி விடுமுறையில். முட்டுகளைக் கழற்ற ஜனவரி 5 வரை ஆள் கிடைக்கவில்லை. நாளுக்கு 900 வீதம் 12 நாள் வாடகை, 10,800. நவம்பர் 19-இல் போட்டிருந்தால் டிசம்பர் 10-க்கே கழற்றியிருக்கலாம். இப்போதெல்லாம் யார் கேட்டாலும் தளத்தை நவம்பர் பத்துக்குள் முடி என்கிறேன். கம்பி விலை 8 சதவீதம் ஏறியது என்று எல்லோரும் புலம்பினார்கள். இந்த வீட்டில் அந்த ஏற்றத்துக்கு ஆன செலவு 8,800 ரூபாய், முட்டு வாடகையைவிடக் குறைவு.

தளக் கட்டத்தில் ஆன செலவு 10,82,100. பிப்ரவரி 2023-இல் ஃப்ரெடி புயல் தீவுக்கு வடக்கே கடந்தபோது வீடு ஜன்னல் இல்லாமல் பலகை அடித்து நின்றது. உள்ளே கொஞ்சம் தண்ணீர், வேறொன்றும் இல்லை. அன்றைக்கு ஒதுக்கீட்டில் 81,450 கையிருப்பு. அதைப் பார்த்து எல்லோருக்கும் சந்தோஷம். அந்தச் சந்தோஷம்தான் மூன்றாவது கட்டத்தில் கெடுத்தது.

தரை ஓடும் சுவிட்சும்

2023 மே மாதம் மின்வேலை தொடங்கியது. வரைபடத்தில் சுவிட்சு, பிளக், விளக்கு எல்லாம் சேர்த்து 42 இடம். மின்பணியாளர் சுண்ணக்கட்டியோடு ஒவ்வொரு அறையாகப் போய், "இங்க ஒண்ணு வேணுமா?" என்று கேட்டார். யாராவது வேண்டாம் என்பார்களா? 71 ஆனது. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்று 1,400 ரூபாய்தான், தாளில் எழுதக்கூடத் தோன்றவில்லை. மொத்தம் 40,600. ஓடு சதுர மீட்டருக்கு 550 என்று போட்டிருந்தேன், கடையில் போய் 950-இல் மனம் நின்றது. 96 சதுர மீட்டருக்கு வித்தியாசம் 38,400. சமையல் மேடைக்குக் கிரானைட் 26,000. சமையற்காரர் வீட்டில் அதை யாரால் மறுக்க முடியும்?

இந்த மூன்றும் சேர்ந்து 1,05,000. தளம் போடும்போது ஒரே கேள்வியாக வந்த 1,15,000-ஐ மறுத்த அதே குடும்பம், சிறு துண்டுகளாக வந்த கிட்டத்தட்ட அதே தொகைக்குச் சரி சொல்லிவிட்டது. தாளில் எழுதும் விதி உடைந்தது இப்படித்தான். அலுமினிய ஜன்னலின் விலை ஏற்றமும் சில்லறைகளும் 27,500 சேர, மூன்றாவது கட்டத்தின் கூடுதல் 1,32,500. ஒதுக்கீடு எல்லாம் சேர்த்தும் 1,21,450-தான் இருந்தது.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை ‘இன்னும் தேவை’ பத்தி கையிருப்பைத் தாண்டியது. டீச்சர் போன் செய்தார். பணம் தீர்வதற்கு 5 வாரம் முன்பே தெரிந்ததால் வழி இருந்தது. இரண்டாவது குளியலறைக்குக் குழாய் மட்டும் பதித்து, ஓடும் சாமானும் போடாமல் கதவைச் சாத்தினோம். 35,000 நான்காவது கட்டத்துக்குத் தள்ளிப்போனது. இதை மிச்சம் என்று எழுத டீச்சர் ஆசைப்பட்டார். மிச்சமில்லை, தேதி மாறிய செலவு என்று நோட்டில் அடுத்த கட்டத்தின் திட்டத்தில் கூட்டி எழுதினேன். செப்டம்பரில் குடியேறினார்கள்.

நான்காவது கட்டம் டிசம்பர் போனஸோடு தொடங்கியது. வெளிப்பூச்சுக்கு ஆள் வந்த இரண்டாவது வாரம், ஜனவரி 15, 2024 அன்று பெலால் புயல். போர்ட் லூயியில் கார்கள் மிதந்த அதே நாளில், இங்கே சாலையிலிருந்து தண்ணீர் முற்றத்தில் இறங்கி வாசல்படி வரை வந்தது. சுற்றுச்சுவருக்கு முன்னால் ஒரு வடிகால் கட்டாயம் என்று ஆனது, 42,000. இதற்குப் பணம் இல்லை. இரும்புக் கேட்டை விட்டுவிட்டோம், 30,000.

வரவு செலவை முடித்தபோது மொத்தம் 33,02,050. உச்சவரம்புக்குள்தான், ஆனால் கேட் இல்லாமல். கேட்டை விட்டதால் குறைந்த 30,000-ஐக் கழிக்காமல், அடிப்படைத் திட்டத்துக்கு மேல் போனதைப் பிரித்துப் பார்த்தேன். அளவும் நாளும் கூடியதால் 73,750. விலையால், என் வரித் தவறையும் சேர்த்து, 55,300. நாமே மாற்றியதால், வடிகாலையும் சேர்த்து, 1,53,000. அதாவது பாதிக்கு மேல்.

மொட்டைமாடியில் மாடித் தூண்களுக்கான கம்பிகள் 60 சென்டிமீட்டர் நீட்டி நிற்கின்றன. 12 மில்லிமீட்டர் கம்பியை இணைக்க அவ்வளவு நீளம் வேண்டும். ரோஸ் பெல்லில் துருவுக்கு உப்புக்காற்றே தேவையில்லை, மழையே போதும். சிமெண்டுப் பால் பூசி, எளிதில் உடைத்தெடுக்கும்படி சிமெண்டு குறைத்த கலவையில் சின்னக் குட்டைத் தூண்களாக மூடியிருக்கிறோம். கணவர் அவற்றில் துணி காயப்போடக் கொடி கட்டியிருக்கிறார். வாசலில் கேட் இருக்க வேண்டிய இடத்தில், தளத்துக்கு வாங்கிய பலகைகளில் மிஞ்சிய இரண்டைக் கீல் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.